மணிக்கணக்கா, கிலோமீட்டர் கணக்கா?

சென்னையில் ஒரே நாளில் பல இடங்களுக்குப் போய்வர வாடகைக் கார் வேண்டுமானால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நேரத்தையும் தூரத்தையும் சேர்த்து மொத்தமாகப் பேசும் லோக்கல் பேக்கேஜ். ‘நாலு மணி நேரம் நாற்பது கிலோமீட்டர்’, ‘எட்டு மணி நேரம் எண்பது கிலோமீட்டர்’ என்று கால் டாக்ஸி நிறுவனங்கள் சொல்வது இதைத்தான். செயலிகளில் இது ‘ரென்டல்’ என்ற பெயரில் இருக்கும். இன்னொன்று, ஓடிய தூரத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் சாதாரண சவாரி. ஓர் இடத்தில் இறங்கியதும் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அடுத்த இடத்துக்கு வேறு வண்டி, வேறு கணக்கு.

இரண்டில் எது மலிவு என்று பலரும் தூரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். ‘மொத்தமே ஐம்பது கிலோமீட்டர்தானே, எண்பது கிலோமீட்டர் பேக்கேஜ் எதற்கு?’ என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நகரத்துக்குள் சுற்றும் நாளில் செலவைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. எத்தனை இடங்களில் இறங்கி ஏறுகிறோம், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் ஆகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

இது ஏன் என்று புரிய, இரண்டு கட்டணங்களும் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பேக்கேஜில் நாலு மணிக்கு நாற்பது, எட்டு மணிக்கு எண்பது, பத்து மணிக்கு நூறு என எல்லாவற்றிலும் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் என்ற ஒரே விகிதம் இருப்பதைக் கவனிக்கலாம். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் நகரத்தில் சுற்றும் வண்டி சராசரியாக இந்த அளவுதான் ஓடும் என்பது டாக்ஸித் தொழிலில் வழக்கமாகிப்போன மதிப்பீடு. நேரமும் தூரமும் இரண்டு தனித்தனி எல்லைகள். எதைத் தாண்டினாலும் கூடுதல் கட்டணம் உண்டு. இரண்டையும் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டுக்கும் சேர்த்தே வாங்கும். இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் வாங்குகிறவர்களும் உண்டு. அதனால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

சாதாரண சவாரிக் கட்டணத்தில் மூன்று பகுதிகள் இருக்கும். முதல் சில கிலோமீட்டருக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு, வண்டி ஓடும் நேரத்தில் நிமிடத்துக்கு இவ்வளவு. போதாக்குறைக்குக் காலையிலும் மாலையிலும் தேவை கூடும்போது செயலிகள் கட்டணத்தை ஏற்றிவிடும். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த ஏற்றம் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றது. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல் அந்த வரம்பை இரண்டு மடங்காக உயர்த்தியது. வாடிக்கையாளரை ஏற்ற ஓட்டுநர் காலியாக ஓட்டிவரும் தூரத்தை ஈடுகட்ட, அடிப்படைக் கட்டணம் குறைந்தது மூன்று கிலோமீட்டருக்கு இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போனாலும் மூன்று கிலோமீட்டருக்கான காசு போவதற்கு இதுதான் காரணம். பல இடங்களில் இறங்கி ஏறும் நாளில் இந்தக் குறைந்தபட்சத் தொகையை ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். கல்யாணப் பத்திரிகை வைக்கும் நாள் இதற்குப் பொருத்தமானது. வேளச்சேரியில் இருக்கும் ஒரு குடும்பம் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர், அண்ணா நகர், பெரம்பூர் என்று ஐந்து பகுதிகளில் உறவினர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம், காருக்குக் கார் விலை மாறும் என்பதால் கணக்குக்காக நடுத்தரமான எண்களை வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் 80 கிலோமீட்டர் பேக்கேஜ் 2,200 ரூபாய். நாலு மணி நேரம் 40 கிலோமீட்டர் 1,200 ரூபாய். கூடுதல் மணிக்கு 250, கூடுதல் கிலோமீட்டருக்கு 16. சாதாரண சவாரிக்கு முதல் மூன்று கிலோமீட்டர் 100 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18, ஓடும் நிமிடத்துக்கு 2 ரூபாய்.

முதலில் பகுதிக்கு ஒரு வீடு என்று ஐந்தே வீடுகள். வேளச்சேரியிலிருந்து அடையாறு ஏறத்தாழ 6 கிலோமீட்டர், 20 நிமிடம். அதற்கு 100 ரூபாயும், மீதி மூன்று கிலோமீட்டருக்கு 54 ரூபாயும், நேரத்துக்கு 40 ரூபாயுமாக 194 ரூபாய் ஆகிறது. இதே முறையில் அடையாறு–மயிலாப்பூர் 176, மயிலாப்பூர்–தி.நகர் 186, தி.நகர்–அண்ணா நகர் 306, அண்ணா நகர்–பெரம்பூர் 232. பெரம்பூரிலிருந்து வேளச்சேரிக்கு 20 கிலோமீட்டர், 70 நிமிடம் என்று வைத்தால் 546. ஆக மொத்தம் 53 கிலோமீட்டருக்கு 1,640 ரூபாய். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் கிளம்ப 40 நிமிடம் என்றால், ஓட்டமும் இருப்புமாக ஆறே முக்கால் மணி நேரம். பேக்கேஜைவிட 560 ரூபாய் குறைவு. இந்த நாளுக்குத் தனித்தனி சவாரியே மலிவு.

ஆனால் பத்திரிகை வைக்கிறவர்கள் யாரும் ஒரு பகுதிக்குப் போய் ஒரே வீட்டோடு திரும்புவதில்லை. மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டுக்குப் போனால் இரண்டு தெரு தள்ளி அத்தை வீடு இருக்கும், அங்கே போகாமல் வந்தால் மனஸ்தாபம். ஆகவே பகுதிக்கு இரண்டாக மொத்தம் பத்து வீடுகள் என்று கொள்வோம். உட்காரும் நேரத்தைப் பாதியாக்கி வீட்டுக்கு 20 நிமிடம் என்று வைத்தால், வீடுகளில் செலவாகும் மொத்த நேரம் முன்பு போலவே 200 நிமிடம்தான். கூடுவது இரண்டு கிலோமீட்டர், பத்து நிமிடம் கொண்ட ஐந்து குட்டிச் சவாரிகள் மட்டுமே. ஒவ்வொன்றும் 120 ரூபாய் என ஐந்துக்கும் 600. தூரம் 53-லிருந்து 63 கிலோமீட்டருக்குத்தான் ஏறுகிறது, செலவோ 1,640-லிருந்து 2,240-க்கு ஏறிவிடுகிறது. பேக்கேஜ் கணக்கில் இதே நாள் 63 கிலோமீட்டர், ஏழு மணி 35 நிமிடம். இரண்டு எல்லைக்கும் உள்ளேயே அடங்குகிறது, 2,200 ரூபாயோடு முடிகிறது.

இதில் மாலை நெரிசலைச் சேர்க்கவில்லை. கடைசி இரண்டு நீளமான சவாரிகள், அதாவது அண்ணா நகர்–பெரம்பூரும் பெரம்பூர்–வேளச்சேரியும், ஒன்றரை மடங்குக் கட்டண நேரத்தில் விழுந்தால் 389 ரூபாய் கூடி மொத்தம் 2,629 ஆகிவிடும். பேக்கேஜில் இந்த ஏற்றம் இல்லை. காலையில் பேசிய விலைதான் இரவு எட்டு மணிக்கும். பணம் தவிர நேரமும் போகிறது. ஒவ்வொரு முறையும் வண்டி பதிவு செய்து, ஓட்டுநர் போனில் வழி கேட்டு, தெருமுனைக்கு வந்து சேரப் பத்து நிமிடம் என்றால் பத்து வீடுகளுக்கு ஒரு மணி 40 நிமிடம். பட்டுப்புடவை கட்டிய அம்மாவும், பழத்தட்டும், பத்திரிகைக் கட்டுகளும் அத்தனை முறையும் தெருவில் நிற்க வேண்டும். பேக்கேஜ் காரில் பத்திரிகைப் பெட்டி நாள் முழுக்க டிக்கியிலேயே கிடக்கும். இந்த வசதிக்குத் தனியாக விலை கிடையாது என்றாலும், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுவே முதல் காரணமாக இருப்பது சரியானதுதான்.

தனித்தனியாக வண்டி மாற்றாமல், கிலோமீட்டர் கணக்கில் ஒரே டாக்ஸியைக் காத்திருக்கச் சொன்னால் என்ன என்று தோன்றலாம். காத்திருப்புக்கும் நிமிடத்துக்கு 2 ரூபாய் என்று வைத்தால் இதே பத்து வீட்டு நாளுக்கு 2,090 ரூபாய் வரும், பேக்கேஜுக்குப் பக்கத்திலேயே. நேரத்துக்கு விலை வைத்துவிட்டால் அது பேக்கேஜின் இன்னொரு வடிவமாகிவிடுகிறது என்பதால் இதில் வியப்பில்லை. நடைமுறையில் ஓட்டுநர்கள் இதை விரும்புவதில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குக் கிடைப்பது ஓடும் வண்டிக்குக் கிடைப்பதைவிட எப்போதும் குறைவு. 2013-இல் தமிழக அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தைப் பார்த்தாலே இது தெரியும். அதில் ஒரு கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய். ஒரு மணி நேரம் முழுக்க நின்றாலும் 42 ரூபாய்தான். காத்திருக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. செயலியில் இடைநிறுத்தம் சேர்க்கும் வசதி இருந்தாலும் அது ஒருவரை இறக்கிவிடவோ, ஒரு பையை வாங்கிக்கொள்ளவோ ஆகும் இரண்டு மூன்று நிமிடத்துக்கானது. அதை வைத்துக்கொண்டு உள்ளே போய் அரை மணி உட்கார்ந்தால் தகராறு நிச்சயம்.

இதற்கு நேர் எதிரான நாள் ஆஸ்பத்திரி நாள். வீட்டிலிருந்து 14 கிலோமீட்டரில் மருத்துவமனை. டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை கொடுத்து, முடிவு வந்ததும் மறுபடி டாக்டரைப் பார்க்க ஐந்து மணி நேரம். போக 388, வர 388 ஆக 776 ரூபாயில் வேலை முடிந்துவிடும். பேக்கேஜ் எடுத்தால் ஆறரை மணி நேரம் ஆகும். நாலு மணி பேக்கேஜோடு மூன்று கூடுதல் மணி சேர்த்தாலும் 1,950 ரூபாய். மருத்துவமனை வாசலில் வெறுமனே நிற்கும் காருக்கு 1,100 ரூபாய்க்கு மேல் கொடுப்பதாக அர்த்தம். நோயாளியால் நிற்கவே முடியாது, எந்த நேரத்திலும் உடனே கிளம்ப வேண்டியிருக்கும் என்ற நிலை இருந்தால் ஒழிய இது வீண் செலவு. பரீட்சை எழுதப் பிள்ளையை அழைத்துப்போவது, பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவது எல்லாம் இந்த ரகம்தான்.

பெரும்பாலான நாட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழும். அப்போது நாளையே இரண்டாகப் பிரிப்பது உதவும். காலையில் வங்கி லாக்கர், நகைக்கடை, மண்டபத்துக்கு முன்பணம், சமையல்காரர் வீடு என்று நாலைந்து இடங்கள், பிறகு தி.நகரில் முகூர்த்தப் புடவை எடுக்க மூன்றரை மணி நேரம் என்று ஒரு நாள் இருந்தால், எட்டு மணி பேக்கேஜ் எடுப்பது தவறு. நாலு மணி பேக்கேஜை ஜவுளிக்கடை வாசலோடு முடித்துவிட்டு, திரும்ப வேளச்சேரிக்கு ஒரு தனிச் சவாரி எடுத்தால் 1,200-ம் 260-ம் சேர்ந்து 1,460 ரூபாய். கடைசிச் சவாரிக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் 1,590-தான். அதே சமயம் பிரிப்பது எல்லா நாளுக்கும் ஒத்துவராது. பத்து வீட்டுப் பத்திரிகை நாளில் பெரம்பூரோடு பேக்கேஜை முடித்துவிட்டுத் தனி வண்டியில் வீடு திரும்பினால் 2,544 ஆகும், முழுப் பேக்கேஜைவிட அதிகம். நீண்ட காத்திருப்பு ஒரே இடத்தில் இருந்தால் பிரிக்கலாம். அது பல இடங்களில் சிதறிக்கிடந்தால் பிரிக்கக் கூடாது.

பேக்கேஜ்தான் என்று முடிவானபின் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கணக்கு எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பது. செயலிகளில் ஏறும் இடத்திலிருந்து இறங்கும் இடம் வரைதான் கணக்கு. டிராவல்ஸ்காரர்களிடம் பல நேரம் ‘ஷெட் டு ஷெட்’. வண்டி அவர்களுடைய ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்பவும் ஷெட்டுக்குப் போய்ச் சேரும் வரை நேரமும் கிலோமீட்டரும் வாடிக்கையாளர் தலையில். ஷெட் 8 கிலோமீட்டர், அரை மணித் தொலைவில் இருந்தால், பத்திரிகை நாளின் 63 கிலோமீட்டர் 79 ஆகிறது, ஏழு மணி 35 நிமிடம் எட்டு மணி 35 நிமிடம் ஆகிறது. தூரம் எல்லைக்குள் நூலிழையில் தப்பிக்கிறது, நேரம் தப்பவில்லை. கூடுதல் நேரத்தை முழு மணியாக எண்ணும் நிறுவனமாக இருந்தால் 250 ரூபாய் சேர்ந்து 2,450. இதற்கு மேல் ஜிஎஸ்டி ஐந்து சதவீதம் என்றால் இன்னொரு 122 ரூபாய் 50 காசு. விலை குறைவாகச் சொல்லும் ஷெட் டு ஷெட் நிறுவனத்தைவிட, சற்று அதிகம் சொன்னாலும் வீட்டு வாசலிலிருந்து கணக்கு வைக்கும் நிறுவனமே பல சமயம் மலிவாக முடியும். முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருப்பவரைப் பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது, எந்தக் கூடுதல் கட்டணத்தைப் பேசிக் குறைக்க வேண்டும் என்பது. இதற்கு மணிக்குப் பத்து என்ற அந்த விகிதம் கைகொடுக்கும். அன்றைய மொத்தக் கிலோமீட்டரை மொத்த மணியால் வகுத்தால் பத்துக்குக் கீழே வருகிறதா, மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்திரிகை நாளில் அது எட்டு சொச்சம். பத்துக்குக் கீழே வந்தால் நேரம்தான் முதலில் தீரும், கிலோமீட்டர் மிஞ்சும். அப்படிப்பட்ட நாளில் கூடுதல் கிலோமீட்டர் 16-ஆ 14-ஆ என்று பேரம் பேசுவதில் பயனில்லை, கூடுதல் மணியின் விலையைத்தான் கேட்க வேண்டும். அரை மணி தாண்டினால் அரை மணிக்கு மட்டும் வாங்குவார்களா என்பதும் முக்கியம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று புறநகர்த் தொழிற்பேட்டைகளைச் சுற்றும் நாளில் நிலைமை தலைகீழ். அங்கே சாலை வேகமாக இருக்கும், கிலோமீட்டர்தான் முதலில் தீரும். நகர எல்லையைத் தாண்டினால் சில நிறுவனங்கள் லோக்கல் பேக்கேஜையே ஒப்புக்கொள்ளாமல் வெளியூர்க் கட்டணத்துக்கு மாற்றிவிடும். அதில் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பது பரவலான வழக்கம். எழுபது கிலோமீட்டர் ஓடிவிட்டு 250-க்குக் காசு கொடுக்க நேராமல் இருக்க, போக வேண்டிய இடங்களின் பெயர்களை முன்பே சொல்லி, லோக்கல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பணம் கூடிப்போகும் இடங்களில் மிகச் சாதாரணமானது வண்டி நிறுத்துவது. தி.நகரில் ரங்கநாதன் தெருவின் முனையில் இறங்கியதும் ஓட்டுநரால் அங்கே நிற்க முடியாது. பனகல் பூங்காவைச் சுற்றி வருவார், அல்லது எங்கோ தள்ளிப் போய் நிறுத்துவார், கூப்பிட்டால் மறுபடி வருவார். அந்த ஓட்டமும் பேக்கேஜ் கிலோமீட்டரில்தான் ஏறும். கட்டண நிறுத்துமிடத்தில் விட்டால் அந்தச் சீட்டு வாடிக்கையாளருடையது. வானகரம், சூரப்பட்டு வழியாக பைபாஸில் போனால் சுங்கமும் அப்படியே. இவை எந்தப் பேக்கேஜ் விலையிலும் சாதாரணமாகச் சேர்வதில்லை. இரவு பத்து மணியைத் தாண்டினால் ஓட்டுநர் பேட்டா கேட்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவர் போகும் அரை மணியும் வாடகை நேரத்துக்குள்தான். அதை ஏதாவது ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு பொருத்திவிட்டால் இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லை.

கணக்கில் தகராறு வருவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போதே ஓட்டுநர் முன்னிலையில் கிலோமீட்டர் மீட்டரைச் செல்போனில் படம் எடுத்துவிட்டால் அதற்கு இடமிருக்காது. படத்திலேயே நேரமும் பதிவாகிவிடும். முடியும்போது இன்னொரு படம். டிராவல்ஸ் வண்டியாக இருந்தால் ட்ரிப் ஷீட் கொடுப்பார்கள். அதில் ஆரம்பக் கிலோமீட்டர், முடிவுக் கிலோமீட்டர், ஆரம்ப நேரம், முடிவு நேரம் என்று நாலு கட்டங்கள் இருக்கும். அவை காலியாக இருக்கும்போது கையெழுத்துப் போடவே கூடாது. ஷெட் டு ஷெட் வண்டியில் முடிவுக் கிலோமீட்டரைப் பின்னால் ஷெட்டில் எழுதிக்கொள்வோம் என்பார்கள். வீட்டு வாசலில் இருக்கும் எண்ணைத் தனியாக எழுதி, அதன் பக்கத்தில் ஷெட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காலையில் ஒப்புக்கொண்ட எண்ணையும் குறித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

முடிவெடுக்க ஒரு காகிதம் போதும். போகும் இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரில் தங்கும் நேரத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத் தங்கும் இடங்கள் ஏழெட்டுக்கு மேல் இருந்தால் பேக்கேஜ். இரண்டு மூன்று இடங்கள்தான், அதிலும் ஒன்றில் பாதி நாள் போய்விடும் என்றால் தனிச் சவாரி. இடையில் விழுந்தால், அன்று மாலை நெரிசலில் நீண்ட தூரம் திரும்ப வேண்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பேக்கேஜையே எடுப்பது நல்லது.